நோட்டீஸ் பீரியடைப் புது கம்பெனி வாங்கிக்கொண்ட கதை

எனக்கு நோட்டீஸ் பீரியட் 90 நாள். புது கம்பெனிக்கு ஆள் 45 நாளில் வேண்டும். நடுவில் இருந்த ரெக்ரூட்டர் வெளி ஏஜென்சிக்காரர், "பைஅவுட் எல்லாம் பண்ணிடுவாங்க, நீங்க முதல்ல ரிசைன் பண்ணுங்க" என்று தினமும் போன் செய்துகொண்டிருந்தார். பைஅவுட் என்றால், குறையும் நாட்களுக்குப் பழைய கம்பெனி பிடிக்கும் பணத்தைப் புது கம்பெனி தருவது. அவர் அவசரம் எனக்குப் புரிந்தது, நான் போய்ச் சேர்ந்தால்தான் அவருக்குக் கமிஷன். அதனாலேயே நமக்காகப் போய்ப் பேசவும் செய்வார், ஆனால் அவர் வாயால் சொல்வது கம்பெனியின் வாக்கு இல்லை.

ஆஃபர் லெட்டர் வந்ததும் தேடினேன், பைஅவுட் பற்றி ஒரு வரி இல்லை. நான் கையெழுத்தும் போடவில்லை, ரிசைனும் செய்யவில்லை. கேட்க அதுதான் நேரம், பேப்பர் போட்ட பிறகு கேட்டால் அது கெஞ்சல் ஆகிவிடும். போனில் பேசியதை மெயிலாக எழுதினேன்: "நீங்கள் சொன்ன தேதியில் சேர 45 நாள் குறைகிறது. அந்த நாட்களுக்கு என் கம்பெனி பிடிக்கும் தொகையைப் புது கம்பெனி தருமா, எவ்வளவு வரை, எப்போது? அதை ஆஃபர் லெட்டரில் சேர்த்துத் தர முடியுமா?"

மூன்று நாள் கழித்துத் திருத்திய லெட்டர் வந்தது. 45 நாள் பேசிக் சம்பளம் வரை, சேர்ந்த பிறகு, பழைய கம்பெனியின் ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கைக் காட்டினால் தருவோம், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருந்தது. ரெக்ரூட்டர் "பாத்தீங்களா, சொன்னேன்ல" என்றார். எனக்கு அந்த 'பேசிக்' உறுத்தியது.

என் பழைய அப்பாயிண்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் பார்த்தேன். குறையும் நாட்களுக்கு 'சம்பளம்' பிடிக்கப்படும் என்றுதான் போட்டிருந்தது, பேசிக்கா கிராஸா என்று இல்லை. ஹெச்.ஆரிடம் கேட்டால் போகப்போவது தெரிந்துவிடும். முந்தைய வருடம் விலகிய ஒரு நண்பரிடம் கேட்டேன், அவருக்கு கிராஸில்தான் பிடித்திருந்தார்கள். எனக்கு பேசிக் என்பது கிராஸில் 40 சதவீதம். 45 நாளைக்கு அவர்கள் பிடிக்கப்போவது ஒன்றரை மாதச் சம்பளம், இவர்கள் தருவதோ அதில் 40 சதவீதம், அதாவது மாதச் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மீதி, கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம், என் கையிலிருந்து போகும்.

இந்தக் கணக்கை அப்படியே ரெக்ரூட்டருக்கு எழுதி, இரண்டு வழி கொடுத்தேன்: ஃபைனல் கணக்கில் உண்மையில் பிடித்த தொகையைத் தாருங்கள், இல்லை என்றால் 90 நாள் முடித்துவிட்டு வருகிறேன். இரண்டாவது வழி இருந்ததால்தான் வேலை நடந்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஆள் தேவைப்பட்ட டீம் மேனேஜரே உள்ளே பேசியிருக்கிறார். 'கணக்கில் உள்ளபடி, அதிகபட்சம் 45 நாள் கிராஸ்' என்று மாற்றித் தந்தார்கள். ஒரு வருட நிபந்தனையைத் தொடவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் ரிசைன் செய்தேன். இங்கே ஒரு ஆபத்து உண்டு: பணம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், என் அப்பாயிண்ட்மென்ட் லெட்டரிலோ சீக்கிரம் விடுவது கம்பெனியின் விருப்பம் என்று இருந்தது. பழைய கம்பெனி மேனேஜர் முதலில் மறுத்தார். வேலையை ஒப்படைக்க ஆறு வாரத் திட்டம் எழுதிக் கொடுத்து, யாரிடம் எது போகிறது என்று பெயரோடு காட்டிய பிறகு சம்மதித்தார். கடைசி வேலை நாளை மெயிலில் உறுதி செய்து வாங்கும்வரை புது கம்பெனிக்குச் சேரும் தேதியை நான் முடிவாகச் சொல்லவில்லை, அந்த வாரம் ரெக்ரூட்டர் போன் வந்தபடியே இருந்தது.

இரண்டு விஷயத்தில் கோட்டை விட்டேன். ஒன்று, வரி. புது கம்பெனி அந்தத் தொகையைச் சம்பளத்தோடு சேர்த்துப் போட்டு வரி பிடித்துவிட்டது, கைக்கு வந்தது பழைய கம்பெனி பிடித்ததைவிடக் குறைவு. வரி போக முழுத் தொகை கிடைக்குமா என்று முன்பே கேட்டிருக்கலாம், கொடுத்திருப்பார்களா என்பது வேறு. இன்னொன்று, நாள் கணக்கு. சேர்ந்த 60 நாளுக்குள் ஃபைனல் கணக்கைக் காட்ட வேண்டும் என்று சேர்ந்த பிறகு கொடுத்த பாலிசியில் இருந்தது. பழைய கம்பெனி அதை அனுப்பவே 52 நாள் ஆனது. நான்காவது வாரத்திலேயே புது ஹெச்.ஆருக்கு "கணக்கு இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு மெயில் போட்டு வைத்திருந்தேன். 54-ஆவது நாள் கணக்கும் ரிலீவிங் லெட்டரும் இணைத்து அனுப்பினேன், அடுத்த மாதச் சம்பளத்தில் வந்தது.