ஒலிப்பதிவிலிருந்து கூட்டக் குறிப்பு: ஒரு கருத்தரங்கக் குழுவின் அனுபவம்

முதுகலைச் சமூகவியல் வகுப்பில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கருத்தரங்கக் கட்டுரையைத் தயாரித்தோம். 1999-இல் மதுரையில் முதலில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டம், இடைத்தரகர் இல்லாமல் விற்கும் வாய்ப்பை இன்று சிறு விவசாயிகளுக்கு எந்த அளவுக்குத் தருகிறது என்பதே பொருள். எங்களுக்கு வழிகாட்டிய பேராசிரியையும் கலந்துகொண்ட ஒன்றரை மணி நேர விவாதத்தை, அனைவரின் சம்மதத்தோடும் கைப்பேசியில் பதிவு செய்தோம். அதைக் கேட்டுக் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. உடன் படித்தவர்களை இங்கே முதலெழுத்தால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பதிவைத் தொடங்கும்போதே ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லி, தாம் அதுவரை படித்ததைப் பற்றி ஓரிரு வாக்கியம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பிற்பாடு மிகவும் உதவியது இதுதான். க., செ. இருவரின் குரலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "நான் பார்த்துக்கிறேன்" என்று ஒரு குரல் கேட்கும் இடத்தில் அது யாருடையது என்ற ஐயம் எழுந்தபோதெல்லாம், தொடக்கத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. கைப்பேசியை மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காமல், மேசை நடுவில் மடித்த துண்டின் மேல் வைத்ததால், மேசையைத் தட்டும் ஓசையும் அவ்வளவாகப் பதியவில்லை.

முழுப் பேச்சையும் எழுத்தாக்க நான் முயலவில்லை. ஒரு மணி நேரப் பேச்சைச் சொல் விடாமல் தட்டச்சு செய்ய நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கூட்டக் குறிப்புக்கோ அதில் பெரும்பகுதி தேவைப்படாது. ஆடாசிட்டி மென்பொருளில் பதிவைத் திறந்து ஓடவிட்டு, கவனிக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் Ctrl+M அழுத்தினால், அந்த நொடியில் ஓர் அடையாளம் விழும். அதில் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு Enter அழுத்தினால் போதும். "முடிவு", "பணி", "ஐயம்" என்ற மூன்று வகை அடையாளங்களை மட்டுமே வைத்துக்கொண்டேன். முதல் முறை கேட்கும்போது எதையும் தீர்ப்பளிக்காமல் அடையாளமிடுவதும், இரண்டாம் முறை அந்த இடங்களை மட்டும் சற்று முன்னிருந்து கேட்பதும்தான் என் வழி.

இரண்டாம் முறையில்தான் உண்மையான வேலை இருந்தது. விவாதத்தில் ஒரு முடிவு ஓரிடத்திலேயே பிறந்து அங்கேயே நிலைத்துவிடுவதில்லை. எத்தனை விவசாயிகளை நேர்காணுவது என்பதை எடுத்துக்கொள்கிறேன். 17-ஆம் நிமிடத்தில் நாற்பது பேர் என்று த. சொல்ல, எல்லோரும் "சரி" என்கிறார்கள். 52-ஆம் நிமிடத்தில் க. குறுக்கிட்டு, ஒரு நேர்காணலுக்கு அரை மணி நேரம் ஆகும், காலை பத்து மணிக்கு மேல் விவசாயிகள் ஊர் திரும்பத் தொடங்கிவிடுவார்கள், நால்வர் பகிர்ந்துகொண்டாலும் நாற்பது என்றால் ஆளுக்கு ஐந்து மணி நேரம் வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார். சிறிது நேரப் பேச்சுக்குப் பின் பேராசிரியை, "இருபத்துநாலு போதும், பாதிப் பேர் பெண்களா இருக்கட்டும்" என்கிறார்; மற்றவர்கள் ஏற்கிறார்கள். ஆனால் 71-ஆம் நிமிடத்தில் அட்டவணைகளைப் பற்றிப் பேசும் ம., "அந்த நாற்பது பேர்கிட்ட கேட்டதும்" என்று பேச்சுவாக்கில் சொல்லிப் போகிறார். யாரும் அதைத் திருத்தவில்லை.

கடைசியாகக் காதில் விழுந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் நாற்பது என்றே எழுதியிருக்க வேண்டும். கடைசியாக எங்கே சொல்லப்பட்டது என்பதைவிட, கடைசியாக எங்கே காரணத்தோடு விவாதித்து ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதே முடிவைக் காட்டும். ஆகவே "24 நேர்காணல்கள்; அவற்றில் 12 பெண்களிடம்" என்று எழுதி, பக்கத்தில் நிமிடத்தையும், நாற்பதைக் கைவிட்டதன் காரணத்தை ஒரே வரியிலும் சேர்த்தேன். ம.-வை அழைத்துக் கேட்டபோது, அவர் உண்மையிலேயே நாற்பது பேருக்கான அட்டவணையை வரையத் தொடங்கியிருந்தது தெரிந்தது.

பணிகளைப் பிரித்தெடுப்பது இதைவிட நுட்பமானது. நம் பேச்சில் எழுவாய் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். "பண்ணிடலாம்", "சேர்த்துடலாம்" என்ற சொற்களுக்கு ஐந்து பேரும் தலையாட்டியிருப்பார்கள், ஆனால் செய்யப்போவது யார் என்பது பதிவில் இருக்காது. விவசாயிகளுக்கு அடையாள அட்டை வழங்கும் முறையைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கலாமே என்று பேராசிரியை சொன்ன இடம் அப்படிப்பட்டது. நான்கு குரல்களில் "சரி மேடம்" கேட்கிறது. யாரும் அதைத் தம் பணியாக ஏற்கவில்லை. அது கட்டாயமா, யோசனை மட்டுமா என்பதும் தெளிவாக இல்லை. இத்தகைய இடத்தில் பொருத்தமானவர் என்று நமக்குத் தோன்றும் ஒருவரின் பெயரை எழுதிவிடக் கூடாது. "பொறுப்பாளர் முடிவாகாதவை" என்று ஒரு தனிப் பகுதி வைத்து அதில் சேர்த்துவிட்டு, பேராசிரியையிடமே கேட்டேன். கட்டுரைக்கு அது தேவை என்றார், அதன்பின் செ. தாமாகவே அதை ஏற்றுக்கொண்டார்.

எழுதும் நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டக் குறிப்பு என்றதும் "கேள்வித்தாள் சுருக்கப்படும்", "தரவுகள் திரட்டப்படும்" என்று எழுதவே கை போகும். அலுவலக நடைக்கு அது பொருந்தலாம். ஆனால் பணிப் பட்டியலில் அந்த வாக்கியம் ஆளை மறைத்துவிடுகிறது. நான் எழுதியது இப்படி: "த., 38 கேள்விகள் உள்ள கேள்வித்தாளை இரண்டு பக்கத்துக்குள் சுருக்கி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் குழுவின் பொதுக் கோப்புறையில் இடுவார்." யார், எதை, எந்த வடிவில், எப்போதைக்குள் என்ற நான்கும் இருந்தால்தான் அது பணி. நாள் குறிப்பிடாமல் விட்ட பணிகளுக்கு நானாக நாள் போடாமல், அந்த இடத்தை வெற்றாக விட்டு உரியவரிடம் கேட்டு நிரப்பினேன்.

முடிவுகளைப் பொருள்வாரியாக எழுதியபின், பணிகளை உறுப்பினர்வாரியாக மீண்டும் அடுக்கினேன். அப்படி அடுக்கியபோதுதான் த.-வின் பெயரில் நான்கு பணிகளும், கூட்டத்தில் அதிகம் பேசாத செ.-வின் பெயரில் ஒரே ஒரு பணியும் இருப்பது கண்ணில் பட்டது. ம.-வின் அட்டவணை வேலை, த.-வின் கேள்வித்தாள் முடியாமல் தொடங்க முடியாது என்பதும் அப்போதுதான் புலப்பட்டது. பணியை மாற்றிக்கொடுக்கும் உரிமை குறிப்பெழுதுபவருக்கு இல்லை; எனவே இரண்டையும் குறிப்புக்கு வெளியே, அனுப்பும் செய்தியில் கேள்விகளாக முன்வைத்தேன். முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் பணியை த.-விடமிருந்து செ. வாங்கிக்கொண்டார்.

குறிப்பை மறுநாளே எல்லோருக்கும் அனுப்பி, திருத்தங்களை அடுத்த மாலைக்குள் கேட்டேன். வந்த திருத்தங்கள் இரண்டு வகையாக இருந்தன. "நான் சொன்னது அதுவல்ல" என்பது ஒரு வகை; பதிவை மீண்டும் கேட்டு, அவர் சொல்வது சரியாக இருந்தால் குறிப்பைத் திருத்த வேண்டியதுதான். மற்றது, கூட்டத்துக்குப் பிறகு மனம் மாறுவது. சந்தை நிர்வாக அலுவலரைச் சந்தித்து அனுமதி பெறும் நாளை வெள்ளியிலிருந்து திங்களுக்கு மாற்றும்படி க. கேட்டார். பதிவில் அவர் குரலிலேயே வெள்ளி என்று இருந்தது. குறிப்பில் வெள்ளியை அப்படியே வைத்து, அதன் கீழே "கூட்டத்துக்குப் பின்: க.-வின் வேண்டுகோளின்படி திங்களுக்கு மாற்றம், குழு ஒப்புதல்" என்று தேதியோடு ஒரு வரி சேர்த்தேன். இவ்விரண்டையும் கலந்துவிட்டால், எது பேசப்பட்டது, எது பிறகு மாறியது என்பதை ஒரு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த கூட்டம், இந்தக் குறிப்பின் உறுப்பினர்வாரிப் பட்டியலைப் படிப்பதோடு தொடங்கியது. ஒவ்வொருவரும் தம் வரிக்கு நேரே முடிந்தது, முடியவில்லை என்று சொல்ல, அதை அங்கேயே பதிந்தேன். குறிப்பை அனைவரும் ஏற்றுக் கையொப்பமிட்டபின், முன்பே சொல்லியிருந்தபடி ஒலிப்பதிவை என் கைப்பேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் அழித்துவிட்டேன்.