நகைப் பெட்டியிலிருந்து தொடங்கும் கலந்துரையாடல்

ஹட்டன் பகுதியில் சாதாரண தர மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் நான், கிரகித்தல் பயிற்சிக்குப் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1884இல் வெளியிட்ட வைர மாலைக் கதையை எடுத்துக்கொள்கிறேன். விருந்துக்காகத் தோழியிடம் மாலையை இரவல் வாங்கித் தொலைத்த மத்தில்த், கணவருடன் கடன்பட்டு 36,000 பிராங்கிற்கு அதைப் போன்ற இன்னொன்றை வாங்கிக் கொடுத்துப் பத்தாண்டுகள் உழைத்த பின்னரே, முதல் மாலை போலி என்று அறிகிறாள். அந்தக் கடைசிப் பகுதியை மாணவர்களுக்கு முதலில் கொடுப்பதில்லை. முடிவு தெரிந்துவிட்டால் அனுமானிப்பதற்கு எதுவும் இராது.

மாலை தொலைந்ததும் தம்பதியர் பெட்டியில் பெயர் பொறித்திருந்த கடைக்குச் செல்கிறார்கள். அந்த மாலையைத் தாம் விற்கவில்லை என்றும், பெட்டியை மாத்திரம் கொடுத்திருக்கலாம் என்றும் கடைக்காரர் கூறுகிறார். "இதிலிருந்து மாலையைப் பற்றி என்ன தெரிகிறது? எந்தச் சொல் அப்படி எண்ண வைத்தது?" என்பதே என் முதல் வினா. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சிலர் கூறுவர். அதற்குப் பிரதியில் ஆதாரம் இல்லாததால் அது ஊகமாகவே நிற்கிறது. திருமணத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும் தோட்டத்து லயத்தில் நகை இரவல் கொடுப்பதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளோ, ஒரு கடையின் பெட்டியில் வேறு இடத்து நகை ஏன் இருந்தது என்று விரைவில் கேட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்து மாலை போலி என்று முடிவுகட்ட முடியாது. உண்மையான வைரத்தையும் வேறு பெட்டியில் வைக்கலாம். ஆகவே, தோழி தயங்காமல் மாலையைக் கொடுத்ததையும், திருப்பிக் கொடுத்தபோது தாமதத்தைக் கடிந்துகொண்டாலும் பெட்டியைத் திறந்து பார்க்காததையும் தேடி எடுக்கச் சொல்கிறேன். மூன்றையும் சேர்த்த பிறகும் "மாலை அவ்வளவு விலையுயர்ந்ததாக இல்லாதிருக்கலாம்" என்று அளவோடு எழுதும் மாணவரே பிரதியைச் சரியாக வாசித்திருக்கிறார் என்பது என் கருத்து.

தொனி பற்றிய வினாவுக்குப் பெரும்பாலோர் "சோகத் தொனி" என்று எழுதிவிடுவது, வாசகருக்கு ஏற்படும் உணர்வைக் கதைசொல்லியின் மனப்பாங்கோடு குழப்புவதால்தான். இதற்குக் கதையின் முதல் வாக்கியமே போதும். விதி செய்த பிழையினால் என்பது போல, மத்தில்த் எழுதுவினைஞர் குடும்பத்தில் பிறந்தாள் என்று அது சொல்கிறது. "போல" என்பதை நீக்கி ஒரு முறையும், சேர்த்து ஒரு முறையும் உரக்க வாசிக்கச் செய்து, "எந்த வாசிப்பில் கதைசொல்லி அவளுடைய எண்ணத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்?" என்று கேட்கிறேன். நீக்கினால் விதியின் பிழை கதைசொல்லியின் தீர்ப்பாகிவிடுகிறது. சேர்த்தால் அவளுடைய மனக்குறையைச் சற்று விலகி நின்று பார்க்கும் குரல் கேட்கிறது. ஆகையால் "விலகி நோக்கும் மெல்லிய எள்ளல்" என்று எழுதி, அதற்குச் சான்றாக அந்த ஒரு சொல்லைக் காட்டும் விடையையே நான் முழுமையானதாகக் கொள்கிறேன். அந்த எள்ளலோடு இரக்கமும் கலந்திருக்கிறது என்று வாதிடுபவர், அவள் உழைத்துத் தேய்ந்த ஆண்டுகளைச் சொல்லும் பகுதியிலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்ட வேண்டும்.