இன்பாக்ஸில் வந்த இரண்டு வரி

"எங்க அப்பா படத்தை எடுத்துடுங்க. அம்மா பார்த்துட்டாங்க."

இறந்த ஒருவரின் படத்தோடு இரங்கல் பதிவு போட்ட ஃபேஸ்புக் பக்கத்தின் இன்பாக்ஸில் இரவு 11.30-க்கு இப்படி இரண்டு வரி வருகிறது. எந்தப் பதிவு என்று லிங்க் இல்லை. பக்கத்தை நடத்துபவருக்கு முதலில் கேட்கத் தோன்றுவது, "நீங்கள் அவருக்கு என்ன உறவு?" அதைக் கேட்கக் கூடாது. பொய்யான கோரிக்கையாகவே இருந்தாலும் ஒரு பதிவு சில மணி நேரம் மறைந்திருக்கும், அவ்வளவுதான். உண்மையாக இருந்தால், துக்க வீட்டாரிடம் அடையாளச் சான்று கேட்டவர்களாகிவிடுவோம்.

முதல் வேலை மறைப்பது. பதிவின் மூன்று புள்ளியைத் தொட்டு ஆர்க்கைவுக்கு அனுப்பிவிட்டால், படம் உடனே பார்வையிலிருந்து போய்விடும். கீழே உள்ள இரங்கல் வரிகள் அழியாது. எடுத்ததும் டெலீட் கொடுத்தால் அவையும் சேர்ந்து போகும். அந்த வரிகளைப் பின்னாளில் தேடும் குடும்பங்கள் உண்டு. வேண்டுமா என்று கேட்டு, எழுத்துகளை மட்டும் நகலெடுத்துக் கொடுத்த பிறகு டெலீட் செய்யலாம். அதோடும் முடியாது: அழித்த பதிவு 30 நாள் ட்ராஷில் இருக்கும், அதற்குள் இன்னொரு அட்மின் தெரியாமல் மீட்டுவிடலாம். ட்ராஷுக்குள் போய் அங்கிருந்தும் நீக்க வேண்டும்.

அதிகம் தவறுவது அடுத்த இடத்தில். பதிவு போடும்போதே இன்ஸ்டாகிராமுக்கும் சேர்த்து அனுப்பியிருந்தால், இங்கே அழிப்பது அங்கே அழிக்காது. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறையும், ஹைலைட்டில் சேர்த்திருந்தால் அங்கேயே நிற்கும். "எடுத்துட்டோம்" என்று பதில் போன பிறகு, மறுநாள் அதே முகம் இன்ஸ்டாவில் கண்ணில் பட்டால், குடும்பத்துக்கு அது இரண்டாவது அடி. அதனால் எல்லா இடமும் பார்த்த பிறகே "எல்லா இடத்திலும்" என்று எழுத வேண்டும்.

பதில் சுருக்கமாக இருக்கட்டும்: "படத்தை எங்கள் பக்கத்திலிருந்தும் இன்ஸ்டாகிராமிலிருந்தும் நீக்கிவிட்டோம். உங்களைக் கேட்காமல் போட்டது எங்கள் தவறு, மன்னியுங்கள். எங்கள் பதிவை ஷேர் செய்தவர்களின் பக்கத்திலும் படம் இனி தெரியாது; ஆனால் தனியாகச் சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவற்றை எங்களால் எடுக்க முடியாது. வேறு எங்காவது கண்டால் லிங்க் அனுப்புங்கள், நாங்களே ரிப்போர்ட் செய்கிறோம்." கடைசி இரண்டு வரியைச் சொல்லத் தயங்குவோம். சொல்லாவிட்டால், எல்லாம் போய்விட்டதென்று அவர்கள் நம்பிவிடுவார்கள்.

"நல்லெண்ணத்தில்தான் போட்டோம்" என்பது அதில் வேண்டாம். "உங்கள் உறவினர்தான் அனுப்பினார்" என்பது அதைவிட வேண்டாம். சாவு வீட்டுக்குள் ஒரு சண்டையை நாமே மூட்டியதாகிவிடும். மறுநாள் படம் அனுப்பியவரே வந்து "ஏன் எடுத்தீர்கள், நானும் மகன்தானே" என்று கேட்பதும் நடக்கும். அப்போது வேண்டாம் என்றவர் பக்கமே நிற்க வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் படத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அந்த அம்மா மறுபடி பார்த்துவிட்டால், அதைத் திரும்பப் பெற முடியாது.