நாதஸ்வரப் பட்டறையும் ஐந்து ஃப்ரேம் தொல்லையும்

கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை, ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடையும் ஊர். அங்கே ஒரு பட்டறையைப் பற்றி 12 நிமிடப் படம் எடுத்தோம். டிவிக்கு ஒரு பிரதி, அதிலிருந்தே ஃபோனுக்குச் சில நிமிர்ந்த துண்டுகள் என்று திட்டம்.

நம் ஊர் டிவி ஒளிபரப்பு நொடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் வந்தது. அதனால் என் கேமராவை 25-இல் வைத்தேன். நண்பர் இரண்டாவது கோணத்துக்குத் தன் ஃபோனை வைத்தார். அது வழக்கம்போல 30-இல் ஓடியதை நான் கவனிக்கவில்லை.

அன்று இரவு எடிட்டில் ஃபோன் காட்சியைப் போட்டதும் கடைசல் பார்ப்பவரின் கை நடுநடுவே துள்ளியது. ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தால் ஐந்து ஒழுங்காகப் போய், ஆறாவது ஒரு சின்னத் தாவல். 30-ஐ 25-க்குள் திணிக்க, எடிட்டிங் மென்பொருள் நொடிக்கு ஐந்து ஃப்ரேமைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. ஆடாத முகத்தில் இது தெரியாது. சுழலும் மரக்கட்டையில் பளிச்சென்று தெரியும்.

வாசலருகே வெயிலில் எடுத்தவை பிழைத்தன. ஒலி தேவையில்லாத காட்சிகள் என்பதால் வேகத்தை 83.33 சதவீதமாக்கினேன். ஒரு ஃப்ரேமும் வீணாகாமல் லேசான ஸ்லோமோஷன் கிடைத்தது. சொல்லப்போனால் கடைசலுக்கு அதுதான் அழகு.

உள்ளே எடுத்தவற்றைக் காப்பாற்ற முடியவில்லை, பட்டைபட்டையாக இருட்டு ஓடியது. பழைய சோக் டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் 1/50 என்றால் சரியாக இரண்டு மினுக்கல் உள்ளே வரும். ஃபோன் தானாக எடுத்துக்கொண்ட 1/60-இல் ஒன்றரைக்கும் சற்று மேல். அரைகுறையாக வருவதுதான் பட்டையாகிறது. மறுநாள் ஃபோனில் மேனுவல் ஆப் போட்டு 25, 1/50 என்று பூட்டிவிட்டு மறுபடி எடுத்தோம்.

ஃபோனுக்கென்று தனியாக 30 ஃப்ரேமில் பிரதி எடுக்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டேன். 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 சீராகப் பங்காவதில்லை, உண்மைதான். ஒரு ஃப்ரேம் இரண்டு துடிப்பு நின்றால் இன்னொன்று மூன்று நிற்கும். ஆனால் கேமராவை வேகமாகத் திருப்பினால்தான் அது கண்ணை உறுத்தும். நாங்கள் திருப்புவதைக் குறைத்துக்கொண்டோம். விளையாட்டுப் போட்டியாக இருந்திருந்தால் 50-இல் எடுத்திருப்பேன்.

டிவிக்கு 1920 × 1080 போதும். இருந்தும் 4K-இல் எடுத்தது நிமிர்ந்த துண்டுகளுக்காக. 2160 உயரத்திலிருந்து 9:16 வெட்டினால் 1215 அகலம் கிடைக்கும், ஃபோனுக்கு வேண்டியது 1080 தான். வெறும் ஹெச்டியில் வெட்டியிருந்தால் 607 தான் மிஞ்சும், அதை இழுத்துப் பெரிதாக்கினால் மர ரேகை குழைந்துவிடும்.

ஆனால் படுக்கவைத்த நாதஸ்வரம் எந்த ரெசல்யூஷனிலும் 9:16-க்குள் அடங்கவில்லை. ஆசாரியிடம், "கொஞ்சம் நிமிர்த்திப் பிடிங்கண்ணே" என்று கேட்டுத்தான் எடுத்தோம்.