அப்பாவின் பாதம் தொங்கியபோது பழுது எங்கே என்று கண்டறிந்த விதம்

கோண்டாவிலில் வெங்காயத் தோட்டத்தில் சில நாட்கள் தொடர்ந்து குந்தியிருந்து களை பிடுங்கிய பின்னர், என் அப்பாவுக்கு வலது பாதத்தை மேலே தூக்க முடியாமல் போய்விட்டது. முழங்காலை வழமைக்கு மாறாக உயர்த்தி, பாதத்தைத் தட்டென்று நிலத்தில் போட்டு நடந்தார். செருப்பின் முன்விளிம்பு தேய்ந்திருந்தது. அயலவர்கள் பாரிசவாதம் என்றார்கள்.

நரம்பியல் வைத்தியர் ஸ்கான் எதையும் கேட்காமல், முதலில் அப்பாவை நடக்கவிட்டுப் பார்த்தார். பாரிசவாதமாக இருந்தால் கால் விறைத்து, அரைவட்டமாகச் சுழன்று முன்னே வரும் என்றும், அப்பாவின் கால் தளர்வாகவே இருப்பதாகவும் சொன்னார். தொடைகள் உள்நோக்கி இறுகி முழங்கால்கள் குறுக்கிடும் கத்தரிக்கோல் நடையென்றால், இருபக்க இயக்கப் பாதைகளும் பழுதுபட்டிருக்கின்றன என்று முண்ணாணிலோ மூளையிலோ தேடவேண்டும். கை வீசாமல், சிற்றடி வைத்துப் பாதத்தைத் தேய்த்து நடப்பவருக்குப் பார்க்கின்சன் நோயையே முதலில் நினைக்கவேண்டும்.

பாதம் தொங்குவதற்கு முதுகில் ஐந்தாவது இடுப்பு நரம்புவேர் நசுங்குவதும் காரணமாகலாம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்க எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்பு அமுங்குவதும் காரணமாகலாம். இவ்விரண்டையும் பிரித்தறிந்த விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. “ஐயா, பாதத்தை உள்பக்கம் திருப்பி என்ரை கையைத் தள்ளுங்கோ” என்றார்; அப்பா பலமாகத் தள்ளினார். வெளிப்பக்கம் திருப்பச் சொன்னபோதோ பாதம் அசையவேயில்லை. உள்பக்கம் திருப்பும் தசைக்கு அந்த நரம்புவேரிலிருந்து இழைகள் வந்தாலும், அவை வேறொரு நரம்பின் வழியே செல்கின்றன. எனவே வேர் நசுங்கியிருந்தால் அந்தப் பலமும் குறைந்திருக்கும். இடுப்பிலிருந்து காலை வெளிப்பக்கம் அகற்றும் பலமும் குறையவில்லை, முதுகுவலியும் இல்லை. முழங்காலுக்குக் கீழே அந்த எலும்பின் கழுத்தில் விரலால் தட்டியபோது, பாதத்தின் மேற்பகுதி வரை மின்சாரம் பாய்ந்தது போலிருந்ததாக அப்பா சொன்னார். நெடுநேரம் குந்தியிருக்கும்போது நரம்பு அமுங்குவது அந்த இடத்தில்தான்.

மிகவும் முந்திச் செய்தால் நரம்பிழை அறுந்திருப்பது தெளிவாகத் தெரியாது என்பதால், நரம்புக் கடத்தல் பரிசோதனையைச் சுமார் 3 வாரங்கள் கழித்தே செய்தார்கள். எலும்பின் கழுத்துக்குக் கீழே சமிக்ஞை நன்றாகச் சென்றது. அதற்கு மேலிருந்து தூண்டியபோது பெருமளவு தடைப்பட்டது. நரம்பின் உறைதான் பெரும்பாலும் கெட்டிருக்கிறது, இழைகள் அறவில்லை என்பது இதன் பொருள். இத்தகைய பழுது சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் ஆறக்கூடியது. இழைகளே அறுந்திருந்தால், அவை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீற்றர் அளவிலேயே வளரும்.

பாதத்தைத் தாங்கும் பிளாஸ்ரிக் அணை ஒன்று கொடுத்தார்கள்; குந்தியிருப்பதையும் கால்மேல் கால் போடுவதையும் நிறுத்தச் சொன்னார்கள். களை பிடுங்க இப்போது சிறிய பலகைக்கட்டை ஒன்றைப் பயன்படுத்துகிறார். மற்றப் பாதமும் தொங்கினாலோ, சிறுநீர் போவதில் தடை ஏற்பட்டாலோ, உட்காரும் பகுதி மரத்துப்போனாலோ, தவணைத் திகதிக்குக் காத்திராமல் உடனே வரவேண்டும் என்பதையும் வைத்தியர் அழுத்திச் சொல்லியிருக்கிறார். அவை முழங்கால் நரம்பின் அறிகுறிகள் அல்ல, முதுகுத்தண்டில் பல நரம்புகள் ஒருசேர நசுங்குவதன் அறிகுறிகள்.