கடைசியாக வாசித்த விடை

ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில், ஊருக்கு முதலில் எது தேவை என்று வீடு வீடாகக் கேட்டபோது, எங்கள் வினாக்கொத்தில் ஆறு விடைகள் இருந்தன: குளக்கட்டுத் திருத்தம், யானை வேலி, உள்வீதி, குடிநீர், மருத்துவ நிலையம், பஸ் சேவை. முன்னோட்டத்தில் பஸ் சேவையே அதிகம் வந்தது. ஒரு முதியவர் மட்டும், "கடைசியாச் சொன்னதுதான் தம்பி மனசில நிக்குது, அதையே போடுங்கோ" என்றார். அந்தச் சொல் என்னை நிறுத்தியது.

மறுநாள் 36 வீடுகளை இரண்டாகப் பிரித்து, 18 வீடுகளில் பழைய வரிசையிலும் 18 வீடுகளில் தலைகீழாகவும் வாசித்தோம். பழைய வரிசையில் 9 வீடுகள் சொன்ன பஸ் சேவையை, அது முதலில் வாசிக்கப்பட்டபோது 2 வீடுகளே சொல்லின. கடைசிக்கு வந்த குளக்கட்டை 8 வீடுகள் சொல்லின. காதால் கேட்பவருக்குக் கடைசி விடைகளே நினைவில் தங்குகின்றன. தாளைத் தாமே வாசித்து நிரப்புபவரோ மேலே உள்ளவற்றைப் பார்த்தவுடன் நிறைவடைந்து விடுகிறார். எங்களுடையது வாய்வழிக் கேள்வி என்பதால் சாய்வு கடைசிப் பக்கம் இருந்தது.

கைக்கணினியின் படிவத்தில் விடைகளைத் தானாகக் கலைக்கும் வசதி இருந்தும் அதை விட்டுவிட்டேன். அது அந்த ஆறுக்கும் பின்னால் வரவேண்டிய "மற்றவை" என்பதையும் நடுவில் போட்டுவிடும், எந்த வரிசையில் வாசிக்கப்பட்டது என்பதையும் எளிதில் அறிய முடியாது. ஆகவே ஒவ்வொரு விடையும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை வரும்படி ஆறு வரிசைகளை எழுதி, "மற்றவை"யை எல்லாவற்றிலும் இறுதியிலேயே வைத்து, அவற்றில் ஒன்றைப் படிவமே குலுக்கலில் தேர்ந்து பதியும்படி செய்தேன்:

```
once(int(random() * 6) + 1)
```

திருப்தி அளவைக் கேட்கும் கேள்வியை இப்படிக் கலைக்கவில்லை. "மிகவும் திருப்தி"யிலிருந்து "திருப்தியே இல்லை" வரையான படிகளைக் குலைத்தால் கேட்பவர் குழம்பிவிடுவார்.

இந்த முறை எந்தத் தனி மனிதரின் சாய்வையும் நீக்குவதில்லை. அதை ஆறு விடைகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடுகிறது. ஆதலால் மொத்தக் கணக்கு நேராகுமே தவிர, ஒரு வீட்டின் விடையை மட்டும் எடுத்து அந்த வீட்டின் தேவை இதுதான் என்று எழுதக்கூடாது.

பெரும் சிக்கல் பின்னர்தான் வந்தது. வரிசை எண்ணோடு விடைகளை ஒப்பிட்டபோது, ஏனையோரின் படிவங்களில் எது கடைசியில் இருந்ததோ அது சற்று உயர்ந்திருக்க, ஒரு தகவல் சேகரிப்பாளரின் படிவங்களில் மட்டும் ஆறு வரிசைகளிலும் பஸ் சேவையே உயர்ந்து நின்றது. அவருடன் கூடச் சென்று பார்த்தேன். முன்னோட்டத்தில் மனப்பாடமாகிவிட்ட பழைய வரிசையைத் திரையைப் பாராமலே அவர் ஒப்புவித்துக்கொண்டிருந்தார். அவருடைய படிவங்களை ஒதுக்கிவிட்டு, திரையில் விரல் வைத்து வாசிக்கும்படி கேட்டுக்கொண்டு, அந்த வீடுகளுக்கு மீண்டும் சென்றோம். அதன்பின் கணக்கிட்டபோது, எந்த வரிசையில் வாசித்தாலும் எண்ணிக்கையில் முதல் இரண்டு இடங்களுக்குக் கீழே இறங்காத விடை ஒன்று மட்டுமே மிஞ்சியது: யானை வேலி.