நிக்கோட்டினமைடு டைட்ரேஷனும் தண்ணீர் செய்யும் வேலையும்

நிக்கோட்டினமைடைத் தண்ணீரில் கரைத்து அமிலத்தால் டைட்ரேட் செய்தால் எண்ட் பாயிண்ட் கிடைக்காது. அதன் இணை அமிலத்தின் pKa 3.35 தான். அவ்வளவு பலவீனமான காரத்துக்குப் போட்டியாகத் தண்ணீரும் புரோட்டானை வாங்கிக்கொள்வதால், pH எந்த இடத்திலும் சட்டென்று இறங்காமல் சரிந்துகொண்டே போகும். அதனால்தான் கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் பெர்குளோரிக் அமிலம் வைத்துச் செய்தேன்.

கரைசல் தயாரிப்பதில்தான் பாதி வேலை. 0.1 M-க்கு 72% பெர்குளோரிக் அமிலம் 8.5 மி.லி. எடுக்கிறோம், அதிலேயே சுமார் 4 கிராம் தண்ணீர் இருக்கிறது. மோல் கணக்கில் பார்த்தால் அமிலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! இதை அழிக்க 21 மி.லி. போல அசிட்டிக் அன்ஹைட்ரைடு வேண்டும், அசிட்டிக் அமிலத்திலேயே இருக்கும் ஈரத்தையும் சேர்த்துத்தான் லிட்டருக்கு 30 மி.லி. என்று வைத்திருக்கிறார்கள். முதலில் 900 மி.லி. அசிட்டிக் அமிலத்தில் பெர்குளோரிக்கைக் கலந்துவிட்டு, அப்புறம்தான் அன்ஹைட்ரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அடர் பெர்குளோரிக்கில் நேராக ஊற்றினால் வெடிக்கக்கூடும், இதில் விளையாடவே கூடாது. ஒரு லிட்டராக்கி ஒரு நாள் மூடி வைத்து, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டால் செறிவைச் சரிபார்த்தேன், 0.1000 M வந்தது.

0.2500 கிராம் நிக்கோட்டினமைடை உலர்ந்த ஃபிளாஸ்கில் 20 மி.லி. அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, கிரிஸ்டல் வயலட் இரண்டு சொட்டு விட்டேன். ஊதா நீலமாகி, பச்சை கலந்த நீலம் வந்ததும் நிறுத்தினேன். பிளாங்க் கழித்து 20.41 மி.லி. ஒரு மி.லி.க்கு 12.21 மி.கி. என்றால் 249.2 மி.கி., அதாவது 99.7%.

பிறகு வேண்டுமென்றே இன்னொரு ஃபிளாஸ்கில் 1 மி.லி. தண்ணீர் விட்டுப் பார்த்தேன். நீலம் வந்தது, ஆனால் பச்சை எட்டிப்பார்ப்பதற்குள் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருந்தது, எந்தச் சொட்டில் நிறுத்துவது என்று சொல்லவே முடியவில்லை. காரணம் இதுதான்: உலர்ந்த அசிட்டிக் அமிலத்தில் புரோட்டானைச் சுமப்பது CH3COOH2+, அது கொடுப்பதில் தாராளம். தண்ணீர் இருந்தால் அந்தப் புரோட்டானை அது பிடித்து H3O+ ஆகிவிடும், இது அதைவிட வலுக்குறைந்த அமிலம். நிக்கோட்டினமைடு தீர்ந்ததும் மிஞ்சும் முதல் சொட்டு இண்டிகேட்டரிடம் போகாமல் தண்ணீரிடம் போகிறது, அதனால் நிறமாற்றம் இழுபடுகிறது.

அதற்காக அன்ஹைட்ரைடைத் தாராளமாக ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள். நிக்கோட்டினமைடுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. முதல்நிலை, இரண்டாம்நிலை அமீன்கள் என்றால் அசிட்டைலேட் ஆகி, காரத்தன்மை போய், விடை குறைவாக வரும்.